சுவரில் இருந்த ஓட்டைகள்

உக்குவளையில் எங்கள் பழைய வீட்டின் பின்சுவர் இன்னும் பூசப்படாமல்தான் கிடக்கிறது. 1986 இல் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அதில் ஒரு வரிசை தெரியும். நிலத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து அடி உயரத்தில், நாலடிக்கு ஒன்றாக, ஒரு செங்கல்லின் தலைப்பக்க அளவுக்கு நிறம் வேறுபட்ட சிறு கட்டங்கள். அதற்கு மேலே இன்னும் ஐந்து அடி தள்ளி அதேபோல் மற்றொரு வரிசை. சாரக்கம்பு செருகுவதற்காக ஒவ்வொரு கல்லை வைக்காமல் விட்டு, வேலை முடிந்து சாரத்தை இறக்கும்போது அடைத்த இடங்கள் அவை. சீமெந்து கொஞ்சம் கூடிப்போனதால் நிறம் மாறிவிட்டது.

அந்த வீட்டைக் கட்டிய பாஸுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மேசன் வேலை தெரிந்தவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் இங்கே பாஸ்தான். சாரத்தை அவர் சில வேளை சாரம் என்பார், சில வேளை சிங்களத்தில் பலஞ்சிய என்பார். சுது கங்கைக் கரையில் மூங்கில் வெட்டுவதிலிருந்து அதை இறக்கி அடுக்குவது வரை எல்லாம் அவர் கையாலேயே நடந்தது. எங்கள் வீட்டில் அதற்கென்று தனிச் செலவு எழுதப்பட்டதாக நினைவில்லை. தும்புக் கயிறும் பலகை நாலைந்தும் வாங்கினோம். மீதியெல்லாம் அவருடைய நேரம்.

இன்று அதே வளவில் என் தங்கையின் வீடு எழும்புகிறது. ஆறு அங்குல பிளொக் கல், கொங்கிரீட் தூண், மேலே சிலாப். சாரம் ஒரு சின்ன லொறியில் வந்து இறங்கியது. இரும்புக் குழாயில் ஒட்டிய சட்டங்கள், அவற்றைப் பிணைக்கும் பெருக்கல் குறிபோன்ற கம்பிகள், கொஞ்சம் பலகை. இறக்கிவிட்டுப் போன பையன் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கினானே தவிர, எப்படி நிறுத்துவது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலத்தில் பதினோரு அடி உயரத்துக்குச் சாரம் நின்றுவிட்டது. 1986 இல் அதற்கு ஒன்றரை நாள் பிடித்தது.

முதலில் பழையதைச் சொல்கிறேன். சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி ஒரே வரிசை மூங்கில் கால்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக் குழியில் கல் போட்டு இறுக்கியது. அவற்றோடு நெடுக்காக ஒரு மூங்கில் கட்டியிருக்கும். அதிலிருந்து சுவருக்குக் குறுக்குக் கம்புகள், மறுமுனை சுவரின் ஓட்டைக்குள். அந்தக் கம்புகளின் மேல் பலகை. பாதிச் சாரத்தைத் தாங்கியது சுவர்தான். முன்பின்னாக ஆடாமல் அதைப் பிடித்து நிறுத்தியதும் அந்தச் சுவர்தான். ஆகவே சுவர் காயும் முன் பாஸ் மேலே ஏறமாட்டார், மற்றவர்களையும் ஏறவிடமாட்டார். நேற்று வைத்த கல்லின் மேல் இன்று பாரம் வைப்பது அவர் அகராதியில் இல்லை.

மூங்கிலில் ஆணி அடித்தால் பிளக்கும். எனவே கட்டுத்தான், அதுவும் கணுவுக்குச் சற்று மேலே, கயிறு வழுகினாலும் கணுவில் நிற்கும்படி. பச்சை மூங்கில் காயக் காயச் சுருங்கும், அன்று இறுகக் கட்டிய கட்டு ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும். தும்புக் கயிறும் மழையில் இறுகி வெயிலில் நெகிழும். ஆகவே காலையில் பாஸ் செய்யும் முதல் வேலை ஒவ்வொரு கட்டையும் கையால் ஆட்டிப் பார்ப்பதும், தளர்ந்ததில் ஒரு சிராய் முளையைச் செருகித் தட்டுவதும். அரைமணி நேரம் ஆகும். மூங்கிலின் அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால், வண்டு உள்ளே இருக்கிறது என்று அந்தக் கம்பை மாற்றிவிடுவார். சோம்பலான கையாள் ஒருவன் ஒருநாள் கேட்டான், “எதுக்கு பாஸ் தெனமும் தட்டுறீங்க, நேத்துத்தானே தட்டுனது?” அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நேத்து நீ கீழ இருந்த, இன்னைக்கு மேல நிக்கப் போற” என்றார்.

அந்தக் காலம் பத்திரமான காலம் என்று இதை வைத்து யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே வேலையில், அதே பாஸின் கண் முன்னாலேயே ஒருவர் விழுந்தார். பலகையின் முனை கடைசிக் கம்புக்கு அப்பால் ஏறத்தாழ இரண்டு அடி நீட்டிக்கொண்டிருந்தது. கையாள் தாச்சியோடு அந்த முனையில் காலை வைத்தார். பலகை ஏற்றத் துலாபோல் மறுபக்கம் எழும்பியது. தாச்சி முதலில், ஆள் பின்னால். இடுப்பெலும்பு முறிந்து மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு அவர் மேலே ஏறவேயில்லை. மிளகு பறிக்கப் போனார் என்று கேள்வி. பலகை முனை குறைந்தது இரண்டு அங்குலமாவது கம்பைத் தாண்டி நிற்க வேண்டும், ஆனால் பலகைக் கனத்தின் நாலு மடங்குக்கு மேல் நீளக்கூடாது என்பது பிரித்தானியச் சாரக்காரர்களின் பழைய விதி. ஒன்றரை அங்குலப் பலகைக்கு ஆறு அங்குலம். எங்கள் பாஸுக்கு அந்தக் கணக்கு எழுத்தில் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நீட்டிய முனைகளை அவர் கயிற்றால் கம்போடு சேர்த்துக் கட்டினார். ஒரு மனிதரின் இடுப்பு ஒடிந்து வந்த விதி அது.

தங்கை வீட்டுச் சாரத்துக்கு வருகிறேன். குழாய் மூங்கிலைவிடப் பலமானது, நேரானது, வண்டு அரிக்காது. சந்தேகமே இல்லை. ஆனால் சுவர் மெலிந்துவிட்டது. ஆறு அங்குல பிளொக் சுவரில் கம்பு செருக ஓட்டை விட முடியாது. கல் உள்ளே கூடாக இருக்கும், உடையும். அதனால் சாரம் சுவரைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கிறது. இரண்டு பக்கமும் கால். இதைத்தான் முன்னேற்றம் என்று நானும் நினைத்திருந்தேன். சுவருக்கு இப்போது எந்தப் பாரமும் இல்லை. ஆனால் சாரத்தைப் பிடித்து நிறுத்தவும் இப்போது எதுவும் இல்லை.

சட்டம் ஒன்றின் உயரம் ஐந்தரை அடி, அகலம் நாலடி. வெளியில் கட்டில்லாமல் தனியே நிற்கும் சாரம், தன் குறுகிய பக்க அகலத்தின் மூன்று மடங்குக்கு மேல் உயரக்கூடாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இரண்டு சட்டம் ஏற்றினால் பதினோரு அடி, நாலின் மூன்று மடங்கான பன்னிரண்டுக்குள் அடங்கும். மூன்றாவது சட்டத்தை ஏற்றினால் பதினாறரை அடி, எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது சாரத்தைக் கட்டடத்தோடு கட்டியே ஆக வேண்டும். யன்னல் ஓட்டைக்குள்ளால் ஒரு குழாயை விட்டு உட்பக்கம் குறுக்குக் கட்டை வைத்து இறுக்கலாம். தூணைச் சுற்றிக் கட்டலாம். இவற்றைச் செய்ய அரைமணி நேரம் போதும். மாத்தளையிலும் இரத்தோட்டையிலும் பாதையோரம் எத்தனையோ வீடுகளில் மூன்று சட்டச் சாரம் எதிலும் கட்டாமல் நிற்பதைப் பார்க்கிறேன். காற்றில் விழுவதில்லை, ஏனென்றால் காற்று பெரும்பாலும் இரக்கம் காட்டுகிறது. மேலே நிற்பவன் சாந்து எறிந்து சுவரை அழுத்தும்போது, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சாரம் சற்றுப் பின்னால் போய் வருவதைக் கீழே நின்று கவனித்தால் தெரியும்.

நான் அதிகம் யோசித்தது பலகையைப் பற்றித்தான். பழைய சாரத்தில் குறுக்குக் கம்பு நாலடிக்கு ஒன்று. அதற்கு ஒன்றரை அங்குலப் பலகை போதும். அந்தக் கனப் பலகையை ஐந்து அடிக்கு மேல் தாங்கியில்லாமல் விடக்கூடாது. இன்றைய சட்டங்களோ ஆறு அடிக்கு ஒன்றாக நிற்கின்றன, பிணைக்கும் கம்பியின் நீளமே அப்படித்தான். சாரம் மாறிவிட்டது, பலகை மாறவில்லை. அதே ஒன்றரை அங்குலம், சிலவேளை அதைவிடக் குறைவு, ஆறு அடிக்கு விரிந்து கிடக்கிறது. நடுவில் நடந்தால் தொட்டில்போல் தாழும். இரண்டு அங்குலப் பலகையோ இரும்புத் தட்டோ வேண்டிய இடம் அது.

பாரத்தையும் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஒன்பது அங்குலப் பலகை மூன்று, நீளம் ஆறு அடி. ஏறத்தாழ பதின்மூன்றரைச் சதுர அடி. மேசன் வேலைச் சாரத்துக்குப் பொதுவாகக் கொள்ளும் சதுர மீற்றருக்கு 200 கிலோ என்ற கணக்கில் 250 கிலோ தாங்கலாம். பாஸும் கையாளும் சேர்ந்து 130 கிலோ. சாந்துத் தாச்சி 20. மிச்சம் 100. பத்துக் கிலோக் கணக்கில் பத்துக் கல். ஆனால் கையாளுக்கு ஏறி இறங்கக் கஷ்டம், ஆகவே இருபது கல்லை ஒரேயடியாக ஏற்றி அடுக்கிவிடுகிறான். இதுவும் பழைய பழக்கம்தான். செங்கல் இரண்டரைக் கிலோவுக்குள் இருந்தபோது இருபது கல் ஐம்பது கிலோ. இருபது பிளொக் கல் இருநூறு கிலோ. கையின் எண்ணிக்கை மாறவில்லை, கல்லின் எடை நாலு மடங்காகிவிட்டது.

மாத்தளை போன்ற மலைப்பகுதிகளுக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பாதையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு மாடி. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டில் வீட்டின் முற்பகுதி, மண் போட்டு நிரப்பிய துண்டில் பிற்பகுதி. சாரத்தின் உயரமான பக்கம் எப்போதும் அந்த நிரப்பிய மண்ணில்தான். பழைய பாஸ் மூங்கில் காலைக் குழி தோண்டி இறக்கினார். சரிவில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. மூங்கிலுக்கு அது பிரச்சினையே இல்லை. இரும்புச் சட்டத்துக்கு நாலு காலும் ஒரே நீளம். திருகி உயர்த்தும் அடிப்பாதம் கேட்டால் தனியாக வாடகை, ஆகவே கேட்பதில்லை. தாழ்ந்த பக்கத்துக் காலின் கீழ் பிளொக் கல்லை அடுக்குகிறார்கள்.

தங்கை வீட்டில் ஐப்பசி மழை மூன்று நாள் பெய்து ஓய்ந்த காலையில் நான் போயிருந்தேன். பின்பக்கக் கால் ஒன்றின் கீழிருந்த கல் நெடுக்காக விரிந்திருந்தது. அந்தக் கால் ஒரு விரல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மேலே பலகை மட்டத்தில் அந்த ஒரு விரல், ஏறத்தாழ மூன்று விரல் சாய்வாகத் தெரிந்தது. ஆட்கள் தேத்தண்ணி குடிக்கக் கீழே இருந்தார்கள். கல்லின் ஓட்டைக் கூட்டில் குழாய் முனை ஒரு புள்ளியில் அழுத்தும்போது அது உடையாமல் என்ன செய்யும்? இரண்டு கால்களையும் சேர்த்துத் தாங்கும் நீளமான ஒரு பலகையை நிலத்தில் போட்டு, அதன் மேல் பாதத்தகடு வைத்திருந்தால் அந்தப் பாரம் பரவியிருக்கும். ஒன்பது அங்குல அகலம், ஆறடி நீளப் பலகைத் துண்டு. வளவில் அப்படிப்பட்ட துண்டுகள் மூன்று, கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்தன.

வாடகை என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. பாஸின் மூங்கில் ஒரு மாதம் நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இரும்புச் சட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் காசு. மழை பெய்தாலும் காசு, போயா நாளிலும் காசு. 2022 இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாவைத் தொட்டபோது வீடு கட்டுகிற எல்லோரும் எதைக் குறைக்கலாம் என்று தேடினார்கள். சாரம் முதலில் கண்ணில் பட்டது. முழுச் சுவருக்கும் வேண்டிய சட்டத்தில் பாதியை எடுத்து, அதைத் தள்ளித் தள்ளி வேலை செய்வது அப்போது பரவிய பழக்கம். தள்ளும்போது மேலே நிற்கும் ஆள் இறங்குவதில்லை. “ரெண்டடிதானே பாஸ், நீங்க அப்படியே நில்லுங்க.” அந்த இரண்டு அடியில் ஒரு கால் கல்லில் இடறினால் போதும்.

விழும் உயரம் சிறிது என்பதால் வருகிற அலட்சியம் இது. பதினோரு அடியிலிருந்து நிலத்துக்கு வர ஒரு நொடிகூட ஆகாது. நிலத்தைத் தொடும் வேகம் மணிக்கு 29 கிலோமீற்றர். கை நீட்டிப் பிடிக்க நேரம் இல்லை, தலை திரும்ப நேரம் உண்டு.

கொழும்பின் உயரக் கட்டடங்களில் வேலை செய்து திரும்பிய பையன்கள் இடுப்பு, தோள், தொடை எல்லாம் சுற்றிய பட்டியைப் பற்றிச் சொல்கிறார்கள். தங்கை ஒன்று வாங்கலாமா என்று கேட்டாள். நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஆறரை அடிக் கயிறு. விழுகையின் வேகத்தைத் தணிக்க அதில் மடித்துத் தைத்திருக்கும் பகுதி முழுதாகக் கிழிந்து நீண்டால் இன்னும் ஐந்தே முக்கால் அடி. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஐந்து அடி. பிழைக்க மூன்று அடி இடைவெளி. ஆகக் கட்டிய புள்ளியிலிருந்து நிலத்துக்கு இருபது அடி வேண்டும். பதினோரு அடிப் பலகையில் நிற்பவன் தோளுயரத்தில் கட்டினாலும் பதினாறு அடிதான் இருக்கிறது. பட்டி இறுகுமுன் நிலம் வந்துவிடலாம். அதைவிட மோசம், எதிலும் கட்டாத அந்தச் சாரத்திலேயே பட்டியைக் கட்டினால் சாரமும் கூட வரும். இருபது மாடிக்குப் பொருந்துவது இரண்டு மாடிக்குப் பொருந்தவில்லை. இங்கே வேண்டியது விழாமலே தடுக்கும் கைப்பிடி. பலகையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல் ஒரு கம்பு, பாதியில் ஒரு கம்பு, கால் பக்கம் ஒரு பலகை ஓரம். ஆனால் வாடகைச் சட்டத்தின் உச்சியில் பலகை போட்டதும் சட்டம் முடிந்துவிடுகிறது. இடுப்புக்கு எதுவும் இல்லை. பழைய மூங்கில் கால் பலகையைத் தாண்டி இன்னும் ஆறேழு அடி மேலே போகும். யாரும் கைப்பிடி என்று நினைத்துக் கட்டியதல்ல அது, இருந்தாலும் தடுமாறினால் பிடிக்க ஒன்று இருந்தது.

நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலேயே வந்தது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இல். தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவகத்தை 2009 இன் சட்டம் அமைத்தது, 2014 இன் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் கைவினைஞர்களைப் பதிவு செய்யவும் வழி செய்தது. 1986 இல் விழுந்த கையாளுக்கு முதல் இரண்டும் இருந்தன. அவர் வீட்டுக்கு எங்கள் அப்பா ஒரு மாதம் அரிசி அனுப்பினார், அவ்வளவுதான். இன்றும் சின்ன வீட்டில் யார் முதலாளி என்பதே தெளிவில்லை. பாஸுக்குக் கொந்தராத்து கொடுத்துவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்காரர். நானும் நாட்சம்பளக்காரன்தானே என்று பாஸ். வீட்டு வரைபடத்தைப் பிரதேச சபை பார்க்கிறது. சரிவான காணிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்கிறார்கள், அது நல்ல மாற்றம், எங்கள் அப்பா காலத்தில் மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐம்பது வருஷம் நிற்கப்போகும் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். முப்பது நாள் நிற்கப்போகும் சாரத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

கால் தாழ்ந்த அன்று தங்கை வீட்டு பாஸோடு பேசினேன். முப்பத்தைந்து வயதுக்காரர், வேலையில் நேர்த்தி. அவர் வைத்த மூலையில் தூக்குக்குண்டு நூல் பிசகாது. சாரத்தைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் வெட்கப்பட்டார். “ஐயா, எங்க மாமா மூங்கில்ல கட்டுவாரு. நான் அது பழகல. இது வந்தா மாட்டுறது, போனா கழட்டுறது.” பிறகு அவரே கோழிக்கூட்டு மூடிகளை எடுத்து நிலத்தில் பதித்தார். நடுவில் தாழும் பலகைகளை இரட்டையாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார். தொலைந்துபோன இணைப்பு ஊசிக்குப் பதிலாக யாரோ செருகியிருந்த கம்பித் துண்டைப் பிடுங்கிவிட்டு, வாடகைக் கடைக்கு ஆளனுப்பிச் சரியான ஊசி எடுப்பித்தார். பின்யன்னல் வழியாக ஒரு குழாயை விட்டு உள்ளே கட்டை வைத்து இறுக்கினார்.

கைப்பிடிக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் சுது கங்கைப் பக்கம் போய் இரண்டு நீளமான மூங்கில்களும் நாலு குட்டைக் கம்புகளும் வெட்டிவந்தார். குட்டைக் கம்புகளைச் சட்டத்தின் கால்களோடு நிமிர்த்திக் கட்டி, இடுப்புயரத்தில் ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்றாக மூங்கிலை நெடுக்காகப் பிணைத்தார். நைலோன் கயிறு இரும்பில் வழுகுகிறது என்று இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். நான் கணுவைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கட்டைக் கணுவுக்கு மேலே நகர்த்தினார். வெளிச்சாயம் பூசிக்கொண்டிருந்த பையன் அதில் ஒருதரம் சாய்ந்து பார்த்துவிட்டு, கையில் தூரிகையோடு கரைவரை போனான். அதுவரை அவன் சுவர்ப்பக்கமாகவே ஒட்டி நின்று எட்டிப் பூசிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கழித்துப் போனபோது மேல் மூங்கில் இருந்தது, கீழ் மூங்கிலைக் காணவில்லை. தங்கையின் கணவர் அதை அவிழ்த்து, குலை தள்ளிச் சாய்ந்து நின்ற கோழிக்கூட்டு வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்தார். பாஸ் வாழையைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.